மைனஸுக்குப் போனால் என்ன? கணினி வகுக்கும் இரண்டு வழிகள்

மின்னணுக் கால்குலேட்டர் வருவதற்கு முன், கணக்கு அதிகமுள்ள அலுவலகங்களில் மேசைமேல் ஒரு கனத்த இரும்புப் பொறி இருக்கும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த ஸ்வீடன்காரரான ஒட்னர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடிவமைத்த வகை அது. பக்கத்தில் ஒரு கைப்பிடி. ஒரு பக்கம் சுற்றினால் எண்ணைக் கூட்டும், எதிர்ப்பக்கம் சுற்றினால் கழிக்கும். வகுக்க வேண்டுமானால் கழித்துக்கொண்டே போக வேண்டியதுதான். மீதி தீர்ந்தது தெரியாமல் ஒரு சுற்று அதிகமாகக் கழித்துவிட்டால் உள்ளே மணி அடிக்கும். கணக்கர் கைப்பிடியை ஒரு சுற்று திருப்பிச் சுற்றுவார். அதிகமாகப் போனது திரும்பி வந்துவிடும். அதன்பின் பொறியின் நகரும் பகுதியை ஓர் இடம் தள்ளிவைத்து அடுத்த இலக்கத்துக்குப் போவார்.

கணினிக்குள் நடக்கும் வகுத்தலில் மிக எளிய முறையும் இதுவேதான். கைப்பிடிக்குப் பதில் கூட்டல் சுற்று, மணிக்குப் பதில் ஒரே ஒரு பிட். ஆனால் அந்த மணிச் சத்தத்துக்குப் பிறகு என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. கழித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேலே போவது ஒன்று. ஆங்கிலத்தில் ரெஸ்டோரிங் டிவிஷன் என்பார்கள், மீட்டு வகுத்தல் எனலாம். திருப்பிக் கொடுக்காமல், மைனஸோடு மைனஸாகவே அடுத்த படிக்குப் போய்விடுவது மற்றொன்று. அது நான்-ரெஸ்டோரிங், அதாவது மீட்காமல் வகுத்தல். கேட்டால் இரண்டாவது ஏதோ குறுக்கு வழி போலத் தோன்றும். ஆனால் விடை ஒரு பிட் கூட மாறாது. ஏன் மாறாது என்பதை ஒரு சின்னக் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

ஊகிக்கத் தெரியாத இயந்திரம்

பள்ளியில் நெடுவகுத்தல் போடும்போது ஒவ்வொரு படியிலும் மனத்துக்குள் ஓர் ஊகம் நடக்கிறது. 43-இல் 7 எத்தனை தடவை போகும்? ஆறு தடவை. வாய்ப்பாடு தெரிந்தவருக்கு இது கண்ணிமைக்கும் வேலை. இயந்திரத்துக்கு அந்த வசதி கிடையாது. கழித்துப் பார்த்தால்தான் போகுமா போகாதா என்பதே அதற்குத் தெரியும்.

இரும எண்களில் இதற்கு ஒரு சலுகை கிடைக்கிறது. அங்கே ஈவின் ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1 மட்டுமே. எனவே 'எத்தனை தடவை' என்ற கேள்வியே எழுவதில்லை. போகுமா, போகாதா, அவ்வளவுதான். படிக்கு ஒரு தடவை கழித்துப் பார்த்தால் போதும்.

13-ஐ 5-ஆல் வகுப்போம். ஈவு 2, மீதி 3 என்று நமக்குத் தெரியும். இயந்திரம் அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. நான்கு பிட்டுகளில் 13 என்பது 1101, 5 என்பது 0101.

மூன்று ரெஜிஸ்டர்கள் தேவை. வகுக்கும் எண் M-இல் இருக்கும், கடைசிவரை மாறாது. வகுபடும் எண் Q-வில் தொடங்கும். A என்பது மீதி உருவாகும் இடம், தொடக்கத்தில் அது சுழி. ஒவ்வொரு படியிலும் A, Q இரண்டையும் ஒரே நீளமான எண்ணாகப் பாவித்து இடப்பக்கம் ஓர் இடம் நகர்த்துகிறோம். Q-வின் முதல் பிட் A-வுக்குள் நுழையும், Q-வின் கடைசியில் ஓர் இடம் காலியாகும். காலியான அந்த இடத்தில்தான் ஈவின் பிட் எழுதப்படும். நான்கு படி முடியும்போது வகுபடும் எண் முழுவதும் Q-வை விட்டு வெளியேறியிருக்கும், அதன் இடத்தில் ஈவு குடியேறியிருக்கும். நெடுவகுத்தலில் மேலே இருந்து ஒவ்வோர் இலக்கமாகக் கீழே இறக்குகிறோமே, அதே வேலைதான்.

A-வுக்கு மட்டும் நான்குக்குப் பதில் ஐந்து பிட் கொடுக்க வேண்டும். கழித்த விடை மைனஸா பிளஸா என்பதைச் சொல்ல ஓர் இடம் வேண்டுமல்லவா? 2-இன் நிரப்பி முறையில், ஐந்து பிட்டில் இடக்கோடி பிட்டின் மதிப்பு −16. ஆகவே 11100 என்றால் −16 + 8 + 4, அதாவது −4. கழித்தபின் இடக்கோடியில் 1 நின்றால் மணி அடித்துவிட்டது என்று பொருள்.

திருப்பிக் கொடுக்கும் முறை

ஒவ்வொரு படியும் இப்படிப் போகும்: நகர்த்து, M-ஐக் கழி, குறியைப் பார். மைனஸ் இல்லையென்றால் ஈவில் 1 எழுது. மைனஸ் என்றால் 0 எழுதி, M-ஐத் திரும்பக் கூட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவா.

```
M = 00101            A      Q
தொடக்கம்            00000  1101

1  நகர்த்து          00001  101_
   A − M            11100         (−4)
   மீட்பு, 0          00001  1010

2  நகர்த்து          00011  010_
   A − M            11110         (−2)
   மீட்பு, 0          00011  0100

3  நகர்த்து          00110  100_
   A − M            00001  1001   (+1) எனவே 1

4  நகர்த்து          00011  001_
   A − M            11110         (−2)
   மீட்பு, 0          00011  0010
```

முதல் படியில் A-வுக்குள் வந்தது வெறும் 1. அதில் 5 போகாது, கழித்தால் −4. உடனே 5-ஐத் திருப்பிக் கொடுத்து 1-க்கு வருகிறது. அடுத்த பிட்டையும் இறக்கினால் A-வில் 3. அதிலும் போகாது, மறுபடி மீட்பு. மூன்றாம் படியில் A-வில் 6 சேர்ந்துவிட்டது. 5 போகிறது, 1 மிஞ்சுகிறது. ஈவில் முதல் 1 இங்கேதான் விழுகிறது. நான்காம் படியில் மிஞ்சிய 1-உடன் கடைசிப் பிட் சேர்ந்து 3 ஆகிறது, போகாது, மீட்பு. முடிவில் Q-வில் 0010, அதாவது 2. A-வில் 00011, அதாவது 3.

இதற்கு ஆன செலவைக் கணக்குப் பார்த்தால் நான்கு கழித்தல், மூன்று கூட்டல், மொத்தம் ஏழு. ஈவில் 0 எத்தனை விழுகிறதோ அத்தனை தடவை வேலை இரட்டிப்பாகிறது. 32 பிட் எண்களில் ஈவு முழுக்க 1-ஆக இருந்தால் 32 வேலைகளில் முடியும். முழுக்க 0-ஆக இருந்தால் 64 வரை போகும். பாதிக்குப் பாதி என்றால் 48.

மைனஸோடு மேலே போகும் முறை

மேலே உள்ள பட்டியலில் ஒரு வீண்வேலை கண்ணில் படும். முதல் படியின் கடைசியில் 5-ஐக் கூட்டினோம். உடனே நகர்த்திவிட்டு, அடுத்த படியில் அதே 5-ஐக் கழித்தோம். நடுவில் நடந்தது ஒரு நகர்த்தல் மட்டுமே. இரண்டையும் சேர்த்து ஒரே வேலையாக்க முடியாதா?

முடியும். கழிப்பதற்கு முன் A-வில் இருந்தது r என்று வைத்துக்கொள்வோம். கழித்தபின் அது r − M. மீட்டால் மறுபடி r. நகர்த்தினால் இரட்டிப்பாகி 2r. அடுத்த படியில் கழித்தால் 2r − M. இனி மீட்காமல் போவோம். r − M-ஐ அப்படியே நகர்த்தினால் 2r − 2M ஆகும். இதிலிருந்து 2r − M-க்குப் போக ஒரே ஒரு M-ஐக் கூட்டினால் போதும். நகர்த்தும்போது உள்ளே வரும் புதிய பிட் இரண்டு வழியிலும் ஒன்றுதான் என்பதால் அது எதையும் மாற்றாது.

நம் கணக்கிலேயே பார்க்கலாம். முதல் படியில் வந்தது −4. நகர்த்தி, புதிய பிட்டாகிய 1-ஐச் சேர்த்தால் −8 + 1 = −7. 5-ஐக் கூட்டினால் −2. மீட்டு வகுக்கும் முறையின் இரண்டாம் படியிலும் கழித்ததும் இதே −2 வந்தது.

ஆக விதி இவ்வளவுதான்: A மைனஸாக இல்லாவிட்டால் நகர்த்திக் கழி, மைனஸாக இருந்தால் நகர்த்திக் கூட்டு. விடை வந்ததும் மைனஸ் என்றால் ஈவில் 0, இல்லையென்றால் 1.

```
M = 00101            A      Q
தொடக்கம்            00000  1101

1  நகர்த்து          00001  101_
   A − M            11100  1010   (−4) எனவே 0

2  நகர்த்து          11001  010_   (−7)
   A + M            11110  0100   (−2) எனவே 0

3  நகர்த்து          11100  100_   (−4)
   A + M            00001  1001   (+1) எனவே 1

4  நகர்த்து          00011  001_
   A − M            11110  0010   (−2) எனவே 0

கடைசித் திருத்தம்
   A + M            00011  0010
```

இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறியைப் பார்க்கும் இடங்களை மட்டும் படித்தால் விஷயம் விளங்கிவிடும். முதல் முறையில் −4, −2, +1, −2. இரண்டாவது முறையிலும் −4, −2, +1, −2. இரண்டு முறைகளும் ஒரே நான்கு எண்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. அதனால்தான் ஈவும் ஒன்றாகவே வருகிறது. அந்த எண்களுக்குப் போய்ச் சேரும் வழியில் மட்டுமே வேறுபாடு.

ஒரு கடன் மட்டும் பாக்கி நிற்கும். நான்காம் படி முடிந்தபோது A-வில் −2 இருந்தது. மீதி மைனஸாக இருக்க முடியாது. இனி அடுத்த படி என்று ஒன்று இல்லாததால் அதைச் சரிசெய்ய ஆளும் இல்லை. எனவே கடைசியில் A மைனஸாக நின்றால் ஒரு தடவை மட்டும் M-ஐக் கூட்ட வேண்டும். −2 + 5 = 3, சரியான மீதி. ஈவின் கடைசி பிட் 0-ஆக இருக்கும்போதெல்லாம் இந்தத் திருத்தம் தேவைப்படும், 1-ஆக இருந்தால் தேவையில்லை. ஈவு சரியாக இருந்து மீதி மட்டும் தப்பாக வந்தால், தேர்வுத்தாளிலும் சரி, சுற்றிலும் சரி, முதலில் தேட வேண்டிய குற்றவாளி மறந்துபோன இந்தக் கடைசிக் கூட்டல்தான்.

செலவு இப்போது நான்கும் ஒன்றும் ஐந்து. 32 பிட்டுக்கு 32 அல்லது 33. ஈவில் எத்தனை 0 வந்தாலும் இதற்கு மேல் போகாது.

எப்போது லாபம்?

இந்த இரண்டு முறைகளையும் எடைபோட்டுப் பார்த்த ஆவணங்களில் பிரபலமானது, பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், ஃபான் நாய்மன் மூவரும் 1946-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் எழுதிய வடிவமைப்பு அறிக்கை. வெற்றிடக் குழாய்களைக் கொண்டு கட்டவிருந்த கணினிக்கு வகுத்தலை எப்படி அமைப்பது என்ற கேள்வியில், மீட்காத முறையின் பக்கம் அவர்கள் சாய்ந்தார்கள். கூட்டல் ஒவ்வொன்றும் நேரம் தின்ற காலத்தில், வேண்டாத கூட்டல்களைத் தவிர்ப்பது பெரிய விஷயம்.

ஆனால் லாபம் எல்லா இடத்திலும் ஒரே அளவு கிடைப்பதில்லை. மேலே சொன்ன செலவுக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: கழித்த விடை A-வுக்குள் எழுதப்பட்டுப் பழைய மதிப்பு அழிந்துவிடும் என்பது. இன்று சுற்று வடிவமைப்பவர் அப்படி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. கழித்தல் சுற்றின் வெளியீட்டில் குறி தெரிந்ததும், மைனஸ் என்றால் அந்த விடையை எழுதாமல் கைவிட்டுவிடலாம். A-வில் பழைய மதிப்பு பத்திரமாக இருக்கும், மீட்கவே வேண்டாம். அப்படிச் செய்தால் முதல் முறைக்கும் படிக்கு ஒரு கழித்தல்தான். கூடவே கடைசித் திருத்தமும் இல்லை. பதிலுக்கு, எதை எழுதுவது என்று தேர்ந்தெடுக்கும் ஒரு சின்னச் சுற்று கூடுதலாக வேண்டும், குறி தெரியும்வரை அது காத்திருக்கவும் வேண்டும்.

எந்த முறையானாலும் படிக்கு ஒரு பிட் ஈவு என்ற எல்லை மாறாது. வகுத்தல் மெதுவாக நடப்பதற்கு அதுதான் காரணம். இன்டெல் 1978-இல் வெளியிட்ட 8086 சிப்பில், ரெஜிஸ்டரில் உள்ள இரண்டு எண்களைக் கூட்ட 3 கடிகாரத் துடிப்புகள் போதும். ரெஜிஸ்டரில் உள்ள 16 பிட் எண்ணால் வகுக்க 144 முதல் 162 துடிப்புகள் ஆகும். அதற்கு முந்தைய 8085-இல் வகுத்தலுக்குக் கட்டளையே கிடையாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் 8085 பலகையில் வகுத்தல் நிரல் எழுதச் சொல்வதற்கு அதுவே காரணம். அங்கே பலரும் எழுதுவது, வகுக்கும் எண்ணை மீண்டும் மீண்டும் கழித்து எண்ணிக்கொண்டே போகும் நிரல். 255-ஐ 1-ஆல் வகுக்க அது 255 தடவை சுற்றும். நகர்த்திக் கழிக்கும் முறை எட்டே சுற்றில் முடிக்கும்.

15-ஐ 13-ஆல் வகுத்தால் 11?

A-வுக்கு ஐந்தாவது பிட் எதற்கு, நான்கு போதாதா என்று நினைப்பவர்கள் உண்டு. 13 ÷ 5 கணக்கை நான்கு பிட்டில் போட்டாலும் சரியான விடைதான் வரும். எனவே அந்த ஒரு கணக்கைச் சோதித்துவிட்டு 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. வகுக்கும் எண் பெரிதானால் குட்டு வெளிப்படும்.

15-ஐ 13-ஆல் வகுப்போம். ஈவு 1, மீதி 2 வரவேண்டும். A-வுக்கு நான்கே பிட் கொடுத்து மீட்டு வகுக்கும் முறையில் தொடங்கினால், முதல் படியில் A-வில் 1. கழித்தால் −12. நான்கு பிட்டில் −8-க்குக் கீழே இடமில்லை. −12 என்பது 0100 என்று பதிவாகும். இடக்கோடியில் 0 இருப்பதால் இயந்திரம் அதை +4 என்று நம்பி ஈவில் 1 எழுதிவிடும். மீதமுள்ள மூன்று படிகளையும் ஒழுங்காகச் செய்துகொண்டு போனால், கடைசியில் Q-வில் 1011, A-வில் 0000 நிற்கும். அதாவது 15-ஐ 13-ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி இல்லை!

இதில் இன்னொரு வேடிக்கை. விடையைச் சரிபார்க்க ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டுவது வழக்கம். 11 × 13 = 143. அந்தப் பெருக்கலையும் நான்கு பிட்டிலேயே செய்தால், 143-இல் 16-இன் மடங்குகள் எல்லாம் உதிர்ந்துபோய் 15 மிஞ்சும். சோதனையில் தேறிவிட்டது! தப்பு 16-இன் மடங்குகளில் நடந்ததால், நான்கு பிட் கண்ணுக்கு அது தெரிவதில்லை. இதைப் பிடிக்க, பெருக்கலை முழு அகலத்தில் செய்ய வேண்டும். மீதி வகுக்கும் எண்ணைவிடச் சிறியதா என்று பார்ப்பதும் நல்ல சோதனைதான், ஆனால் இங்கே மீதி 0 என்பதால் அதுவும் ஏமாந்துபோகும்.

ஐந்து பிட் கொடுத்தபின்னும் மீட்காத முறையில் ஒரு கண்ணி பாக்கி உண்டு. அதே 15 ÷ 13. முதல் படியில் −12, ஐந்து பிட்டில் 10100. இடக்கோடியில் 1, மைனஸ். சரி. இதை நகர்த்திப் புதிய பிட் 1-ஐச் சேர்த்தால் உண்மையில் வரவேண்டியது −23. ஐந்து பிட்டில் −16 வரைதான் இடம். A-வில் நிற்பது 01001. இடக்கோடியில் 0! இந்த நேரத்தில் குறியைப் பார்த்தால் பிளஸ் என்று தோன்றி, கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிடுவோம்.

நகர்த்துவதற்கு முன்பே குறியைப் பார்த்து நினைவில் வைத்துக்கொண்டால் ஆபத்து இல்லை. 01001-உடன் 13-ஐ, அதாவது 01101-ஐக் கூட்டினால் 10110. அது −10. −23 + 13 என்பதும் −10தான். நடுவில் எண் எல்லை மீறினாலும், கூட்டியபின் வரும் விடை எல்லைக்குள் திரும்பிவிடுகிறது. இப்படியே போனால் மூன்றாம் படியில் −6, நான்காம் படியில் +2. ஈவு 0001, மீதி 2. பட்டியல் போடும்போது இரண்டாம் படியில் கூட்டலா கழித்தலா என்று குழப்பம் வந்தால், பார்க்க வேண்டியது நகர்த்திய வரியை அல்ல, அதற்கு மேல் வரியை.

சுழியால் வகுத்தால்

M-இல் சுழியே இருந்தால் இந்தச் சுற்று என்ன செய்யும்? நின்றுவிடாது, சிக்கிக்கொள்ளவும் செய்யாது. 13 ÷ 0 என்று கொடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் நகர்த்தி, சுழியைக் கழிக்கும். A குறையாது, மைனஸும் ஆகாது. எனவே ஒவ்வொரு படியிலும் ஈவில் 1. நான்கு படி முடிந்ததும் Q-வில் 1111. வகுபடும் எண்ணின் எல்லாப் பிட்டுகளும் அப்படியே A-வுக்குள் இறங்கியிருக்கும், ஆகவே மீதி 13. மைனஸே வராததால் மீட்காத முறையிலும் இதே விடைதான்.

8086 இதை ஏற்பதில்லை. வேலையை நிறுத்திவிட்டு 0-ஆம் எண் குறுக்கீட்டை எழுப்பும். வகுக்கும் கட்டளை உள்ள ஏஆர்எம் சிப்களில் பெரும்பாலும் ஈவு சுழி என்று திரும்பி வரும். ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை வரையறுத்தவர்களோ, குறியில்லா எண்ணைச் சுழியால் வகுத்தால் ஈவின் எல்லாப் பிட்டுகளும் 1, மீதி வகுபடும் எண்ணேதான் என்று விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். எளிய வகுத்தல் சுற்று தானாகவே தரும் விடை அது என்பதால், அதற்கென்று தனிச் சுற்று எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.